ஒன்பது வயதுப் பையனுக்கு 5 கட்டை சுருதி மிருதங்கம்: பழைய 24 இன்ச் கிடைக்கிறது, வாங்கலாமா?

உறையூர் கண்ணன்

மகன் திருச்சியில் ஒரு வாத்தியாரிடம் மிருதங்கம் கற்கிறான். இதுவரை வகுப்பில் இருக்கும் வாத்தியத்தில்தான் வாசித்தான். வீட்டில் சாதகம் பண்ண சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சு கட்டை சுருதி, பலா மரம், பார்த்து வாங்குங்க."

என்ன பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது கையில் மூன்று வழி இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் பழைய பலா மிருதங்கம், 24 இன்ச் நீளம், 7,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒன்றரைக் கட்டை சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தது என்கிறார்கள். இரண்டாவது, இங்கே ஒரு கடையில் போல்ட் போட்ட மிருதங்கம் 13,000. மூன்றாவது, ஆர்டர் கொடுத்து வார் பிடித்த புது மிருதங்கம் செய்வது. அதற்கு 20,000-க்குக் குறையாது என்று தெரிகிறது.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் "இழுத்துக் கட்டினா அஞ்சு வந்துடும்" என்கிறார்கள். வருமா?

லயப்பிரியன்

யோசிக்காமல் வாங்குங்கள். பழைய பலா கட்டை கிடைப்பதே அபூர்வம். மரம் ஆறி வைரம் பாய்ந்திருக்கும், நாதம் தனியாக இருக்கும். இன்று வருகிற புதுக் கட்டையெல்லாம் சரியாகக் காயாத மரம். தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சுருதி ஒரு விஷயமே இல்லை. வாரை நன்றாக இழுத்துப் பிடித்தால் எந்த மிருதங்கமும் எந்தச் சுருதிக்கும் வரும்.

தஞ்சை மூட்டு

வராது சார். நான் மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு போடுகிற வேலை பார்க்கிறவன், அதனால் சொல்கிறேன்.

லயப்பிரியன் சொன்னதில் மரத்தைப் பற்றிச் சொன்னது பாதி சரி. ஆறின பலா நல்லதுதான். ஆனால் சுருதியை முடிவு செய்வது மரம் இல்லை. வலது பக்கமான வலந்தலை வாயின் அகலம், அதன் தோல் நடுவில் கருப்பாக வைத்திருக்கிற சோற்றின் கனம், வார் இழுப்பு, இந்த மூன்றும்தான். ஒன்றரைக் கட்டைக்குச் செய்த மூட்டில் சோறு கனமாக வைத்திருப்போம். வாயும் அகலமாக இருக்கும். அதை அஞ்சுக்கு இழுத்தால் ஓரத்து வளையத் தோலான மீட்டுத் தட்டு கிழியும், இல்லாவிட்டால் சோறு ஓரத்தில் தோல் விடும். கிழியாமல் தாங்கினாலும் அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்காது. தகரம் தட்டின மாதிரி இருக்கும்.

பொதுவாக 24 இன்ச் கட்டை ஒன்று முதல் இரண்டரை வரைக்கும். ஆண் பாடகர்களுக்கு வாசிப்பது அது. நாலு முதல் ஆறு வரைக்கும் 22 இன்ச். அதற்குக் காரணம் நீளம் மட்டும் இல்லை. 22-இல் வாயையும் குறுக்கித்தான் கடைந்திருப்பார்கள். ஆகவே சுருதி என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் கட்டையைப் பார்க்க வேண்டும். உங்கள் வாத்தியார் முதலில் சுருதியைச் சொன்னது சும்மா இல்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். டேப் எடுத்துப் போய் இரண்டு வாயையும் குறுக்காக அளந்து போடுங்கள். வலந்தலைத் தோலைச் சுற்றியுள்ள பின்னல், கட்டையின் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள்.

மடிப்பாக்கம் மாலதி

எங்கள் வீட்டிலும் இதே கேள்வி. என் பெண் பஜனைக்கு வாசிக்கிறாள், தபலா. வலது 5 அரை இன்ச் வாங்கினோம். பஜனையில் பெண்கள் அஞ்சு கட்டையில் பாடுகிறார்கள், தபலா ஒன்றரைக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. சுத்தியால் தட்டித் தட்டி மரக்கட்டையெல்லாம் மேலே போய்விட்டது. இதற்கும் 24 இன்ச்தான் காரணமா?

தஞ்சை மூட்டு

அம்மா, உங்களுடையது தபலா, அதில் 24 இன்ச் கிடையாது. ஆனால் காரணம் ஒன்றுதான். தபலாவில் நீளத்தைச் சொல்ல மாட்டார்கள், வாயைத்தான் சொல்வார்கள். 5 அரை, 5 கால் எல்லாம் ஒன்றரை, இரண்டு கட்டை சுருதிக்கு ஆனது. அஞ்சு கட்டைக்கு வேண்டுமென்றால் வாய் இன்னும் சின்னதாக, 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். வலது பக்கம் மட்டும் வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள், செம்பு டக்கா அப்படியே இருக்கட்டும். தபலா என் வேலை இல்லை. இதற்கு மேல் தபலா செய்கிறவரைக் கேளுங்கள்.

பாலக்காடு விஸ்வம்

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், மாலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். தஞ்சைக்காரர் கையால் அறிந்து சொன்னதைக் கணக்காகவும் சொல்லிப் பார்க்கலாம்.

ஒன்றரைக் கட்டையிலிருந்து அஞ்சு கட்டைக்கு ஆறு அரைச்சுரம் தூரம். அதாவது அதிர்வெண் ஏறத்தாழ 1.41 மடங்கு ஆக வேண்டும். இழுத்துக் கட்டிய தோலில் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அப்படியானால் இழுவிசை இரண்டு மடங்காக வேண்டும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற தோலை அதே மாதிரி இன்னொரு மடங்கு இழுங்கள் என்றால் ஆட்டுத் தோல் என்ன செய்யும்? அரைக் கட்டை, முக்கால் கட்டை ஏற்றலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

கண்ணன் சாருக்கு இன்னொன்று. கடையில் 18 இன்ச், 20 இன்ச் என்று குழந்தைகளுக்கானது காட்டுவார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அது வேண்டாம். 22 இன்ச்சில் கை எட்டும். சின்னதில் வாசித்துப் பழகினால் இடது பக்கத் தொப்பிக்கும் வலந்தலைக்கும் நடுவே உள்ள தூரம் கையில் தப்பாகப் பதியும். இரண்டு வருஷத்தில் மறுபடி மாற்ற வேண்டும். ஐந்து, ஆறு வயதுக் குழந்தை என்றால் வேறு பேச்சு.

உறையூர் கண்ணன்

அளந்துகொண்டு வந்தேன். வலந்தலை வாய் 6 முக்கால் இன்ச் இருக்கிறது. தொப்பி 7 அரை. வலந்தலைப் பின்னல் விளிம்பிலிருந்து மூன்று விரல் அளவு இறங்கியிருக்கிறது. தொப்பி கிழிந்திருக்கிறது, அதை வீட்டுக்காரரே சொன்னார். சாய்த்துப் பிடித்தபோது தரையில் மஞ்சளாகக் கொஞ்சம் மாவு மாதிரி விழுந்தது. கட்டையில் வார்களுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் பாலிஷ் நிறம் வேறாக, கோடு மாதிரி தெரிகிறது. கனம் நல்ல கனம்தான்.

தஞ்சை மூட்டு

நல்லா பார்த்திருக்கீங்க. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புது மூட்டு போட்டால் பின்னல் விளிம்பை ஒட்டி மேலேயே நிற்கும். வாசிக்க வாசிக்கத் தோல் நீளும், நாம் வாரை இழுப்போம், பின்னல் கீழே இறங்கும். மூன்று விரல் இறங்கிவிட்டது என்றால் அந்தத் தோலில் இழுக்க இனி ஒன்றும் இல்லை. இப்போது நல்லா பேசலாம், ஆனால் ஆயுள் முடிந்த மூட்டு. ஆக வலந்தலை புதுசு, தொப்பி புதுசு. வார் எத்தனை வருஷத்தது என்று தெரியாது. எருமைத் தோல் வார் காய்ந்துபோயிருந்தால் இழுக்கும்போதே அறும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாவு விழுந்தது வண்டு. மரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை தெரியும், பாருங்கள். பலாவில் நடுவில் இருக்கிற மஞ்சள் வைரத்தில் வண்டு அவ்வளவாக ஏறாது, வெளிறின வெளிமரத்தில்தான் ஏறும். மாவு வருகிறது என்றால் கடைகிறபோது வெளிமரத்தையும் சேர்த்துக் கடைந்திருக்கிறார்கள். மருந்து வைத்து நிறுத்தலாம், ஆனால் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது மூட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

பாலிஷ் கோடுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கட்டை வெடித்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து மேலே பாலிஷ் போடுவார்கள். நடு வயிற்றில் சின்ன வெடிப்பு அடைத்திருந்தால் பரவாயில்லை, பல வித்வான்கள் வாத்தியத்திலும் இருக்கும். அந்தக் கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள். இழுவை முழுவதும் விளிம்பில்தான் உட்காருகிறது, அங்கே வெடிப்பு இருந்தால் சுருதி நிற்காது. விளிம்பைச் சுற்றி வார் நிற்கிற இடங்களான கண்களில் ஒன்றைச் சேர்த்தால் பக்கத்துக் கண் போகும்.

கனத்தைப் பற்றி லயப்பிரியனுக்கு: ஈரம் காயாத மரமும் கனமாகத்தான் இருக்கும் சார். உள்ளே சரியாகக் குடையாத கட்டையும் கனமாகத்தான் இருக்கும். விரல் முட்டியால் வயிற்றில் தட்டிப் பாருங்கள். கணீர் என்று வந்தால் சரி, பொத் என்று வந்தால் கனம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வலந்தலை வாய் 6 முக்கால் என்பது அஞ்சு கட்டைக்கு ரொம்ப அகலம். புது மூட்டில் சோற்றைக் குறைத்து வைத்து நாலு வரைக்கும் கொண்டுவரலாம், அதுவும் முக்கிக்கொண்டு நிற்கும். 7,000 கொடுத்து, இரண்டு மூட்டும் வாரும் மாற்றினால் புதுசின் விலையில் முக்கால்வாசி வந்துவிடும். அப்புறமும் உங்களுக்கு வேண்டிய சுருதி வராது. கீழ்ச் சுருதியில் வாசிக்கிற ஒருவர் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கினால் அவருக்கு லாபம். உங்களுக்கு இல்லை.

லயப்பிரியன்

சரி, சுருதி விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் நாதத்துக்கு மரம்தான் முக்கியம் என்பதில் மாற்றமில்லை. பாலக்காடு மணி ஐயர் வாத்தியத்தின் நாதம் வேறு யாருக்கு வந்தது? கட்டைதானே காரணம்?

தஞ்சை மூட்டு

மணி ஐயருக்கு மூட்டு போட்டவர் எங்கள் ஊர் பர்லாந்து. தோலைத் தேர்ந்தெடுப்பது, சோறு வைப்பது எல்லாம் அவர் கை. மணி ஐயர் அவரோடு உட்கார்ந்து இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். நாதத்தில் அவர் கைக்கும் பங்கு இருக்கு சார். கட்டையை மட்டும் புகழ்ந்தால் எப்படி?

சுமதி டொராண்டோ

போல்ட் மிருதங்கத்தை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். என் இரண்டு பையன்களும் இங்கே கற்கிறார்கள். முதலில் சென்னையிலிருந்து வார் பிடித்ததுதான் கொண்டுவந்தோம். குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டு, தோல் தானாக இறுகி, ஒரு நாள் காலையில் வலந்தலை பிளந்து கிடந்தது. இங்கே மூட்டு போட ஆள் கிடையாது. வாத்தியத்தையே விமானத்தில் அனுப்ப வேண்டும்.

அப்புறம் போல்ட் போட்டது வாங்கினோம். வாசித்து முடித்ததும் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துவிடுவேன். முக்கியமான வசதி, வலந்தலையை வளையத்தோடு தனியாகச் செய்து சென்னையிலிருந்து பார்சலில் அனுப்புகிறார்கள், நாமே கழற்றி மாட்டலாம். வார் பிடித்ததில் அப்படி முடியாது, அந்தக் கட்டை மேலேயே வைத்துத்தான் வார் கோக்க வேண்டும்.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு நட்டு தளர்ந்தால் தொம் வாசிக்கும்போது கிர்ர் என்று கூடவே ஒரு சத்தம் வரும், எது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாத்தியாரும் அரங்கேற்றத்துக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.

பாலக்காடு விஸ்வம்

டொராண்டோவுக்கு அது சரி. திருச்சிக்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரம், வார் தளர்ந்தால் எடுத்துப் போய் இழுத்துக்கொண்டு வரலாம்.

மாணவனுக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. வார் பிடித்ததில் கல்லும் புள் என்கிற மரத்துண்டும் வைத்துப் பின்னலைத் தட்டிச் சுருதி சேர்க்கிறோம். மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். பதினாறு கண்ணும் ஒரே சுருதியில் நிற்கும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். பையன் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் காது பழகுகிறான். போல்ட்டில் பழகியவன் கச்சேரி வாத்தியத்தைக் கையில் எடுத்தால் விழிக்கிறான்.

நித்யா வே.

எங்கள் வீட்டில் மாட்டுத் தோல் வேண்டாம் என்பதில் உறுதி. மிருதங்கத்தில் ஆடு, மாடு, எருமை மூன்றும் இருக்கிறது. அதனால் மகளுக்கு பெங்களூருவில் டாக்டர் வரதரங்கன் உருவாக்கிய செயற்கைத் தோல் மிருதங்கத்தை வாங்கினோம். கட்டையும் மரம் இல்லை, ஃபைபர். தூக்க லேசு, மழைக்காலத்திலும் சுருதி அப்படியே நிற்கிறது, சோறு உதிர்கிற பேச்சே இல்லை. கண்ணன் சார் இதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே.

பாலக்காடு விஸ்வம்

வாசித்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் விரலுக்கு அது திருப்பித் தருகிற பதில் தோலினுடையது இல்லை. கற்கிற வயதில் தோலில்தான் பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.

நித்யா வே.

என் மகள் வகுப்பில் தோலிலும் வாசிக்கிறாள், வீட்டில் இதிலும் வாசிக்கிறாள். அவள் வாத்தியாருக்குக் கை வித்தியாசம் தெரியவில்லையாம். "தோலில்தான் பழக வேண்டும்" என்பதற்கு, இத்தனை காலம் அப்படித்தான் என்பதைத் தாண்டி ஒரு காரணம் சொல்லுங்கள் ஐயா.

பாலக்காடு விஸ்வம்

தொப்பிப் பக்கம் கும்கி. மணிக்கட்டை அழுத்தித் தேய்க்கும்போது ரவை போட்ட தோல் கொடுக்கிற இழுப்பு எனக்குச் செயற்கையில் கிடைக்கவில்லை. உங்கள் மகளுக்குக் கிடைக்கிறது என்றால் நான் மறுக்க மாட்டேன்.

உறையூர் கண்ணன்

ஸ்ரீரங்கத்தை விட்டுவிட்டேன். கோடு விளிம்பு வரை ஓடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகலாம் என்று இருக்கிறேன். போனால் எப்படிப் பார்த்து எடுப்பது? "நல்ல பேர் உள்ள இடம்" என்று எதை வைத்துச் சொல்வது?

தஞ்சை மூட்டு

யார் பெயரையும் நான் எழுத மாட்டேன், தொழிலில் இருக்கிறவன் எழுதக் கூடாது. உங்கள் வாத்தியார் தன் வாத்தியத்துக்கு எங்கே மூட்டு போடுகிறார் என்று கேளுங்கள். அங்கேயே போங்கள். கட்டை உங்கள் பையன் பேரன் காலம் வரை இருக்கும். மூட்டு அப்படி இல்லை. கற்றுக்கொள்கிற பிள்ளை சோற்றின் நடுவில் ஓங்கி ஓங்கி அடிக்கும், நகம் படும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வலந்தலை மாற்ற வேண்டியிருக்கும். தொப்பி அதைவிடக் கூட உழைக்கும். ஆகவே வாங்குகிற அன்று பார்க்கிற ஆள் இல்லை அவர், வருஷா வருஷம் பார்க்க வேண்டிய ஆள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாப்பூர், பாலக்காடு பக்கம் பெருவெம்பு எல்லாவற்றிலும் நல்ல வேலைக்காரர்கள் உண்டு. உங்களால் எளிதில் போய்வர முடிகிற இடம்தான் உங்களுக்கு நல்ல இடம்.

போனதும் மூட்டு போடாத வெறும் கட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பண்ருட்டிக் கட்டை என்பார்கள், பலா அங்கே நிறைய. உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உளி அடையாளம் இருக்கும், அது தப்பில்லை. விளிம்பு சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டையைத் தட்டையான தரையில் கவிழ்த்து நிறுத்தினால் ஆடக் கூடாது, விளிம்புக்கு அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. 22 இன்ச், வலந்தலை வாய் 6 கால் ஒட்டி இருந்தால் அஞ்சுக்குச் சுகமாக நிற்கும்.

செய்து முடித்து வாங்கப் போகும்போது போனில் தம்புராவை அஞ்சு கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனையே 'நம்' என்ற சொல்லை வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கண்ணில் மட்டும் இல்லை, வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும். எல்லா இடத்திலும் அதே ஷட்ஜம் கேட்க வேண்டும். வாசித்த பிறகு சத்தம் கொஞ்ச நேரம் நின்று அடங்க வேண்டும். இரண்டு சத்தம் கலந்து அலை அலையாகக் கேட்டால் கண் சேரவில்லை, அங்கேயே சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.

லயப்பிரியன்

சோற்றில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். கோடு விழுந்திருந்தால் பழைய மூட்டை ஏமாற்றி விற்கிறார்கள் என்று அர்த்தம்.

தஞ்சை மூட்டு

ஐயோ, இது தப்பு சார். கிட்டான் கல்லைப் பொடி பண்ணிச் சோற்றோடு பிசைந்து, ஒரு படை வைத்து, கல்லால் தேய்த்து, காய்ந்ததும் இன்னொரு படை என்று வைக்கிறோம். தேய்க்கிறபோதே மயிரிழை மாதிரி வெடிப்பு விழும், விழ வேண்டும். அப்போதுதான் அத்தனை கனத்தைச் சுமந்தும் தோல் வளையும். பார்க்க வேண்டியது வேறு. விரலால் தடவினால் கருப்பாக உதிருகிறதா, ஓரத்தில் சில்லு தூக்கி நிற்கிறதா? அது இருந்தால் பழசு.

பாலக்காடு விஸ்வம்

சி.வி. ராமன் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார். 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒன்று, 1934-இல் விரிவாக இன்னொன்று. வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது, இரைச்சலாகத்தான் கேட்கும். நடுவில் சரியான கனத்தில் சோறு வைத்ததால்தான் அவை ஒரு தந்தியில் வருவது போல ஒழுங்காக வந்து விழுகின்றன, நமக்கு ஒரு சுரம் கேட்கிறது. அதனால்தான் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தாலே சுருதி சேர மாட்டேன் என்கிறது. எவ்வளவு தட்டினாலும் 'நம்' ஒரு சுரத்தில் நிற்காவிட்டால் கண்ணைக் குறை சொல்லாமல் சோற்றைப் பாருங்கள்.

உறையூர் கண்ணன்

போய்வந்தேன். வாத்தியார் சொன்ன இடத்துக்கே போனோம். மூன்று கட்டை காட்டினார்கள். ஒன்று கவிழ்த்தபோது லேசாக ஆடியது. அடுத்தது நன்றாக இருந்தது, ஆனால் வாய் 6 அரைக்கு மேல். மூன்றாவதை எடுத்தோம், 22 இன்ச், வாய் 6 காலுக்கு ஒரு நூல் கூட. வாரோடு எல்லாம் சேர்த்து 21,500 சொன்னார்கள், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அங்கே ஒன்று கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. "குச்சி போடவா, கப்பி போடவா?"

தஞ்சை மூட்டு

மீட்டுத் தட்டுக்கும் சாப்புத் தோலுக்கும் நடுவே செருகுவது. ஈர்க்குத் துண்டு செருகினால் குச்சி, கல் பொடி போட்டால் கப்பி. பையனுக்குக் குச்சி போதும். மீட்டு தெளிவாகக் கேட்கும், தன் கை தப்பு தனக்கே தெரியும். ஒரு குச்சி நகர்ந்தால் தள்ளி விட்டுக்கொள்ளலாம்.

பாலக்காடு விஸ்வம்

இதில் நான் எதிர்ப்பக்கம். குச்சியில் கை சரியாக விழாவிட்டாலும் ரீங்காரம் அதுவே கொடுத்துவிடுகிறது, பையன் நன்றாக வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வான். கப்பியில் கை விழுந்தால்தான் நாதம். என் மாணவர்களுக்குக் கப்பிதான்.

தஞ்சை மூட்டு

நீங்கள் சொல்கிறது கை ஊன்றின பிறகு ஐயா. முதல் வருஷத்தில் நாதமே வராத வாத்தியத்தைக் கொடுத்தால் பையன் ஓங்கி அடிப்பான், மூட்டு நாலு மாசத்தில் போய்விடும். மாற்றுகிறவன் நான்தானே, எனக்குத் தெரியும்.

லயப்பிரியன்

இரண்டும் வேண்டாம், ஒன்றும் செருகாமல் போடச் சொல்லுங்கள். அதுதான் பழைய முறை.

உறையூர் கண்ணன்

வாத்தியாரிடமே கேட்டேன், "அவங்க எது போடறாங்களோ போடட்டும், முதல்ல தா தி தொம் நம் ஒழுங்கா வரட்டும்" என்றார். குச்சி என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று, தொப்பிக்கு ரவை வீட்டில் நாங்கள்தான் போட வேண்டும். என் மனைவி உப்புமா ரவையை எடுத்து வைத்திருக்கிறாள். அதேதானா?

தஞ்சை மூட்டு

அதேதான், வறுக்காதது. தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொஞ்சம் ஊற விட்டு, எலுமிச்சை அளவு உருட்டி, தொப்பித் தோலின் நடுவைத் துளி ஈரத் துணியால் துடைத்துவிட்டு வட்டமாக ஒட்டுங்கள். தொம் வாசித்தால் வலந்தலை ஷட்ஜத்துக்குக் கீழ் ஷட்ஜம் கேட்க வேண்டும். மேலே நின்றால் இன்னும் கொஞ்சம் ரவை, சத்தம் அமுங்கினால் கொஞ்சம் கிள்ளி எடுங்கள். வாசிக்க வாசிக்கக் காய்ந்து சுருதி ஏறும், விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும்.

முடித்ததும் சுரண்டி எடுத்துவிட்டுத் துடைத்து வையுங்கள். ராத்திரி அப்படியே விட்டால் கரப்பானும் எலியும் ரவையோடு தோலையும் சேர்த்துத் தின்னும். வலந்தலைப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. சோறு ஊறினால் அன்றோடு சரி.

சுமதி டொராண்டோ

இங்கே நாங்கள் ரவைக்குப் பதில் சிலிக்கான் பசை ஒட்டியே விட்டிருக்கிறோம், சுரண்ட வேண்டியதில்லை. திருச்சியிலும் கிடைக்குமே?

பாலக்காடு விஸ்வம்

கிடைக்கும், நிறைய பேர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒட்டிவிட்டால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. முதல் ஆறு மாதம் ரவையே போடட்டும், அப்புறம் பார்க்கலாம்.